போட்டோவை மாங்கா பக்கமாக மாற்றுவது எப்படி? கலரே இல்லாத புள்ளிக் கணக்கு!

போனில் ஒரு ஆப்பைத் திறந்து, 'மாங்கா' என்று பெயர் போட்ட ஃபில்டரைத் தட்டினால் இரண்டு நொடியில் போட்டோ கருப்பு வெள்ளையாகிவிடுகிறது. ஆனால் உற்றுப் பார்த்தால் அது மாங்கா மாதிரியே இருக்காது. முகம் முழுக்க சாம்பல் அழுக்கு, முடியில் புகை மாதிரி ஒரு கலங்கல், பின்னால் இருக்கும் சுவரில் தேவையில்லாத கோடுகள். அதையே ஜெராக்ஸ் கடையில் பிரின்ட் எடுத்தால் இன்னும் மோசம். புள்ளிகள் ஒன்றோடொன்று ஒட்டி, பக்கம் முழுக்க கட்டம் கட்டமாக ஒரு நிழல் ஓடும்.

காரணம் எளிமையானது. நிஜமான மாங்கா பக்கத்தில் சாம்பல் நிறமே கிடையாது. கருப்பு மை இருக்கும், இல்லையென்றால் வெறும் தாள் இருக்கும். நடுவில் எதுவும் இல்லை. நம் கண்ணுக்குச் சாம்பலாகத் தெரிவது எல்லாம் பொடிப்பொடியான கருப்புப் புள்ளிகள்தான்.

புள்ளி எங்கிருந்து வந்தது?

ஜப்பானின் மாங்கா வார இதழ்கள் மலிவான தாளில், பெரும்பாலும் ஒரே மையில் அச்சாகின்றன. ஒரே ஒரு மையை வைத்துக்கொண்டு சட்டைக்கு ஒரு நிழல், வானத்துக்கு ஒரு நிழல் என்று காட்ட வேண்டும். அதற்கு வந்ததுதான் ஸ்கிரீன்டோன். மெல்லிய பிளாஸ்டிக் தாளில் புள்ளிகள் வரிசையாக அச்சாகியிருக்கும், பின்பக்கம் பசை இருக்கும். ஓவியர் அதைப் படத்தின் மேல் ஒட்டி, வேண்டிய இடத்தை மட்டும் விட்டு மிச்சத்தை கட்டரால் வெட்டி எடுத்துவிடுவார். வெளிச்சம் படும் இடத்தில் கத்தி முனையால் புள்ளிகளைச் சுரண்டி எடுப்பதும் உண்டு.

இப்போது பெரும்பாலும் கம்ப்யூட்டரில்தான் வேலை. ஆனால் அந்தத் தாளின் இரண்டு அளவுகள் அப்படியே நிலைத்துவிட்டன. ஒன்று, ஒரு அங்குலத்துக்கு எத்தனை புள்ளி வரிசை என்பது. இதை 'லைன்' என்கிறார்கள். இன்னொன்று, அந்த இடத்தில் எத்தனை சதவீதம் மை என்பது. '60 லைன், 10 சதவீதம்' என்றால், அங்குலத்துக்கு 60 வரிசைப் புள்ளிகள், பரப்பில் பத்தில் ஒரு பங்கு மட்டும் கருப்பு. இது ரொம்ப வெளிறிய நிழல். அதே 60 லைனில் 30 சதவீதம் என்றால் புள்ளிகளின் எண்ணிக்கை மாறாது, ஒவ்வொரு புள்ளியும் பெரிதாகிவிடும்.

போட்டோவை வைத்து வேலை செய்வது தொழில்முறை ஓவியர்களுக்குப் புதிதல்ல. 'சோலானின்', 'ஒயாசுமி புன்புன்' வரைந்த இனியோ அசானோ, பின்னணித் தெருக்களையும் வீடுகளையும் போட்டோவிலிருந்து எடுத்துப் பயன்படுத்துவதற்குப் பேர் போனவர். அவர் பக்கங்களைப் பார்த்தால் போட்டோ என்று தோன்றும், ஆனால் பக்கத்தில் நிற்கும் கதாபாத்திரத்தோடு ஒட்டும். அந்த 'ஒட்டுதல்' ஃபில்டரால் வருவதில்லை. எது கருப்பு, எது வெள்ளை, எதற்குப் புள்ளி என்று ஒருவர் உட்கார்ந்து முடிவு செய்வதால் வருகிறது.

ஒரு போட்டோ, மூன்று கட்டங்கள்

ஒரு உதாரணத்தை முழுசாகப் பார்க்கலாம். மாலை நாலு மணி வெயில், பஸ் ஸ்டாப். நிழற்குடைக்குக் கீழே ஒரு பெண் நிற்கிறார். பின்னிய ஜடை, அடர் நீல சுடிதார், வெள்ளை துப்பட்டா, தோளில் காலேஜ் பை. பின்னால் போஸ்டர் ஒட்டிய சுவர். போனில் எடுத்த சாதாரண 12 மெகாபிக்சல் படம். அதாவது நிமிர்த்திப் பிடித்தால் அகலம் 3000, உயரம் 4000 பிக்சல்.

இதை A5 அளவில் ஒரு மாங்கா பக்கமாக்க வேண்டும். மென்பொருள் GIMP. இலவசம், கம்ப்யூட்டரில் ஓடும். போனிலேயே செய்ய நினைப்பவர்களுக்கு Clip Studio Paint, ibisPaint X இரண்டிலும் டோன் வசதி இருக்கிறது. மெனு பெயர்கள் வேறாக இருக்கும், வேலையின் வரிசை ஒன்றுதான்.

முதல் வேலை அளவு. இதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். 600 டிபிஐ-யில் A5 பக்கம் என்றால் 3496 × 4961 பிக்சல். புது ஃபைலை இந்த அளவில் திறந்துவிட வேண்டும். 600 ஏன்? அங்குலத்துக்கு 600 பிக்சல், அதில் 60 லைன் டோன் என்றால் ஒரு புள்ளிக்குச் சரியாக 10 பிக்சல் இடம் கிடைக்கிறது. கணக்கு மீதமில்லாமல் வகுபடுகிறது. அந்தப் பத்துக்குப் பத்து இடத்தில் வட்டம் ஓரளவு வட்டமாகவே வரும். 150 டிபிஐ-யில் செய்தால் ஒரு புள்ளிக்கு இரண்டரை பிக்சல்தான். அங்கே வட்டம் வராது, சாம்பல் கசடுதான் வரும்.

பக்கத்தில் மூன்று கட்டங்கள். மேலே அகலமாக பஸ் ஸ்டாப் முழுக்க. கீழே இரண்டு: ஒன்றில் முகம், இன்னொன்றில் பையின் வாரைப் பிடித்திருக்கும் கை. மேல் வரிசைக்கும் கீழ் வரிசைக்கும் நடுவில் 6 மில்லிமீட்டர் இடைவெளி, பக்கத்துப் பக்கத்துக் கட்டங்களுக்கு நடுவில் 3 மில்லிமீட்டர். மாங்காவில் வரிசைகளுக்கு நடுவே உள்ள இடைவெளி கொஞ்சம் அதிகமாக இருப்பதுதான் வழக்கம். கண் எங்கே இறங்க வேண்டும் என்பதை அது சொல்லாமல் சொல்லும். ஜப்பானிய மாங்கா வலமிருந்து இடமாக ஓடும். ஆனால் வசனம் தமிழில் என்றால் இடமிருந்து வலமாகவே கட்டங்களை அடுக்குவது நல்லது. இல்லாவிட்டால் எழுத்து ஒரு பக்கம், படம் ஒரு பக்கம் இழுக்கும். வசன பலூனும் அப்படித்தான். ஜப்பானிய எழுத்து மேலிருந்து கீழே ஓடுவதால் அங்கே பலூன் உயரமாக இருக்கும். தமிழுக்கு அகலமான பலூன் வேண்டும்.

முகக் கட்டத்துக்கு போட்டோவில் இருந்து சின்னப் பகுதியைத்தான் வெட்டி எடுக்கிறோம். அதைப் பெரிதாக்க வேண்டியிருக்கும். பரவாயில்லை, இப்போதே பெரிதாக்கிவிடலாம். படம் சாதாரண போட்டோவாக இருக்கும்வரை எவ்வளவு வேண்டுமானாலும் இழுக்கலாம், சுருக்கலாம். புள்ளி போட்ட பிறகு மட்டும் தொடவே கூடாது. முதலில் புள்ளி போட்டுவிட்டு முகத்தை இரண்டு மடங்கு பெரிதாக்கினால் அந்தக் கட்டத்தில் மட்டும் புள்ளிகள் கடுகு மாதிரி பெரிதாகிவிடும். மூன்று கட்டமும் மூன்று வேறு புத்தகத்தில் இருந்து வெட்டி ஒட்டியது போல் இருக்கும்.

கலரை எடுப்பதிலும் ஒரு விஷயம் இருக்கு

கலரை நீக்க `Colors > Desaturate > Mono Mixer` போக வேண்டும். சாதாரணமாக ஒரே தட்டில் சாம்பலாக்கும் வசதியும் இருக்கிறது. ஆனால் மோனோ மிக்ஸரில் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றில் எதை எவ்வளவு எடுப்பது என்று நாமே தீர்மானிக்கலாம். சிவப்பைக் கூட்டினால் தோல் வெளிச்சமாகவும் நீல சுடிதார் இருட்டாகவும் வரும். முகமும் உடையும் தனித்தனியாகப் பிரிந்து நிற்பதற்கு இது உதவும். பிறகு `Image > Mode > Grayscale`.

கோடு

அடுத்தது கோடு. சாம்பல் லேயரைப் பிரதி எடுத்து, அந்தப் பிரதியை `Colors > Invert` செய்து, லேயரின் `Mode` என்ற இடத்தில் `Dodge` என்று மாற்றினால் படம் கிட்டத்தட்ட முழுக்க வெள்ளையாகிவிடும். பயப்பட வேண்டாம். அந்தப் பிரதிக்கு `Gaussian Blur` கொடுக்க ஆரம்பித்தால் கோடுகள் மெல்ல எழும்பி வரும். 8 பிக்சலில் ஆரம்பித்துப் பார்க்கலாம். மங்கலைக் கூட்டக் கூட்டக் கோடு தடிக்கும். பிடித்த இடத்தில் நிறுத்தி, `Layer > New from Visible` கொடுத்து அதைத் தனி லேயராக எடுத்து, `Colors > Threshold` கொடுத்தால் கோடுகள் சுத்தக் கருப்பாகிவிடும்.

வந்த கோட்டை அப்படியே நம்பிவிட முடியாது. சுவரில் இருந்த போஸ்டர் எழுத்துகள் எறும்புக் கூட்டம் மாதிரி வரும், அதை அழித்துவிடலாம். கன்னத்தில், மூக்கில் வரும் சின்னச் சின்னக் கீறல்களையும் அழிக்க வேண்டும். தாடை ஓரத்தில் வெளிச்சம் அதிகமாக இருந்தால் கோடு அறுந்திருக்கும். அதைக் கையால் இணைக்க வேண்டும். அதற்கு `Brush` வேண்டாம், `Pencil` கருவி. பிரஷ் ஓரத்தில் சாம்பல் விடும், பென்சில் விடாது. கண், புருவம், மூக்கு நுனி, உதடு ஆகியவற்றுக்கு ஐந்து பத்து நிமிடம் செலவழித்துக் கையால் வரைந்துவிட்டால் பக்கத்தின் தரமே மாறிவிடும். தானாக வந்த கோடு எல்லா இடத்திலும் ஒரே அக்கறையோடு இருக்கும். மனிதர் வரைந்த கோடு கண்ணில் தடித்து, கன்னத்தில் மெலிந்து, சுவரில் கிட்டத்தட்ட காணாமலே போகும்.

முழுக் கருப்பு

மையால் முழுசாக நிரப்பும் இடத்தை ஜப்பானில் 'பெட்டா' என்கிறார்கள். பக்கத்துக்கு எடை கொடுப்பது இதுதான். சாம்பல் லேயரை இன்னொரு பிரதி எடுத்து, முதலில் 6, 7 பிக்சல் மங்கலாக்கிவிட்டு பிறகு `Threshold` கொடுக்க வேண்டும். நேராகக் கொடுத்தால் போனில் எடுத்த படத்தின் நொய்ஸ் எல்லாம் கருப்புத் தூளாகச் சிதறும். மங்கலாக்கினால் அவை கரைந்து, பெரிய பெரிய வடிவங்கள் மட்டும் நிற்கும். 0 முதல் 255 வரையிலான அளவில் 60 பக்கம் வைத்துப் பார்த்தால் இந்தப் படத்தில் ஜடை, நிழற்குடையின் உள்பக்கம், காலடி நிழல் மூன்றும் கருப்பாகும். சுடிதாரின் மடிப்புகளும் கொஞ்சம் வரும்.

முடியை முழுக்க மூடிவிடக் கூடாது. மேலே வெளிச்சம் படும் இடத்தில் பிறை மாதிரி ஒரு வெள்ளைப் பட்டையை விட்டு, அதன் ஓரங்களை முடியிழை போலக் கூராக இழுத்துவிடுவது மாங்காவின் பழைய வழக்கம். இதற்கு 'சுயா பெட்டா' என்று தனிப் பெயரே இருக்கிறது. பளபளப்புள்ள கருப்பு என்று அர்த்தம்.

கருப்பு சரியாக விழுந்திருக்கிறதா என்று தெரிந்துகொள்ள ஒரு சின்ன சோதனை. பக்கத்தைக் கட்டைவிரல் அளவுக்குச் சிறிதாக்கிப் பாருங்கள். பெண் எங்கே நிற்கிறார் என்பது அப்போதும் தெரிய வேண்டும். தெரியவில்லை என்றால் கருப்பு ஏதோ தேவையில்லாத இடத்தில் உட்கார்ந்திருக்கிறது.

இப்போதுதான் புள்ளி

கோடும் கருப்பும் முடிந்த பிறகு மிச்சம் இருப்பது நிறைய வெள்ளை. அதில் பெரும்பகுதியை வெள்ளையாகவே விட்டுவிட வேண்டும். வானம் வெள்ளை, துப்பட்டா வெள்ளை, சுவர் வெள்ளை. டோன் வாங்கப்போவது நான்கே பொருட்கள்: சுடிதார், பை, தரையில் விழும் நிழல், தோல்.

கோட்டு லேயருக்கும் கருப்பு லேயருக்கும் கீழே வெள்ளையாக ஒரு புது லேயர். மேலே இருக்கும் இரண்டையும் `Multiply` ஆக்கினால் கீழே இருப்பது தெரியும். லாஸோ கருவியில் ஓரத்தை மிருதுவாக்கும் வசதிகளை எல்லாம் அணைத்துவிட்டு, சுடிதாரைச் சுற்றி வளைத்து, ஒரே சீரான சாம்பலை ஊற்ற வேண்டும். 30 சதவீத டோனுக்கு `b3b3b3`, 10 சதவீதத்துக்கு `e6e6e6`. பைக்கும் தரை நிழலுக்கும் அதே முப்பது போதும். போட்டோவில் இருந்த வெளிச்ச ஏற்ற இறக்கத்தை இங்கே கொண்டுவரக் கூடாது. சுடிதாரில் ஆயிரம் வகை சாம்பல் இருந்திருக்கலாம். மாங்காவில் அதற்கு ஒன்றே ஒன்றுதான். வெட்டி ஒட்டிய தாள் என்பதை மறந்துவிடாமல் இருந்தால் இது தானாகப் புரியும்.

பிறகு அந்த லேயரைப் பிரதி எடுத்து, அசலை மறைத்து வைத்துவிட்டு, பிரதியின் மேல் `Filters > Distorts > Newsprint`. வட்டப் புள்ளி, கருப்பு மட்டும், `Period` 10, கோணம் 45 டிகிரி. ஓகே கொடுத்தால் மூன்று கட்டத்திலும் ஒரே அளவில் புள்ளிகள் விழுந்துவிடும். 45 டிகிரி எதற்கு என்றால், புள்ளிகள் நேர் வரிசையில் நின்றால் கண் அதைக் கட்டமாகப் படிக்கும், சாய்ந்து நின்றால் நிழலாகப் படிக்கும்.

கொடுத்த சாம்பலும் வந்த டோனும் ஒத்துப்போகாமல் இருக்கலாம். வெளிச்சத்தை மென்பொருள்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாகக் கணக்கிடுவதுதான் காரணம். முப்பது கேட்டால் ஐம்பது மாதிரி இருட்டாக வந்தால், மறைத்து வைத்த அசலில் சாம்பலை வெளிறச் செய்துவிட்டு மறுபடி ஃபில்டரைப் போடலாம். அளந்து பார்க்க ஹிஸ்டோகிராம் போதும். புள்ளி விழுந்த பகுதியை மட்டும் தேர்ந்தெடுத்தால் `Mean` 179 அருகே இருக்க வேண்டும். அதுதான் 30 சதவீதம்.

ரொம்ப இருட்டான டோனும் வேண்டாம். சதவீதம் ரொம்பக் கூடினால் புள்ளிகள் ஒன்றோடொன்று ஒட்டி, நடுவில் வெள்ளை ஓட்டைகள் மட்டும் மிஞ்சும். பிரின்டரில் மை கொஞ்சம் பரவினாலும் அந்த ஓட்டைகளும் அடைபட்டுவிடும். அவ்வளவு இருட்டு வேண்டுமென்றால் கருப்பாகவே நிரப்பிவிடலாம்.

தோல் நிறத்தை என்ன செய்வது?

ஆப் ஃபில்டர்கள் அதிகம் சொதப்பும் இடம் இதுதான். மாநிறமோ கருப்போ ஆன முகத்தை அவை ஒன்று வெள்ளையடித்துவிடும், அல்லது நெற்றியில் ஒரு டோன், கன்னத்தில் ஒரு டோன், மூக்கோரம் ஒரு டோன் என்று புள்ளியை இறைத்து அழுக்குப் படிந்த மாதிரி ஆக்கிவிடும். போட்டோவில் உள்ளவர் தன்னையே அடையாளம் காண முடியாத அளவுக்குப் போய்விடும்.

மாங்காவில் கருத்த தோலுள்ள கதாபாத்திரத்துக்குப் பொதுவாக முகம், கழுத்து, கை எல்லாவற்றுக்கும் ஒரே வெளிறிய டோன் கொடுப்பார்கள். இந்தப் பெண்ணுக்கும் அதே வழி. 10 சதவீத டோன், தோல் தெரியும் எல்லா இடத்திலும் ஒன்றுபோல. இன்னும் கருத்த நிறம் என்றால் 20, அதாவது `cccccc`. கண்ணின் வெள்ளை, பல், நெற்றியில் வெயில் படும் ஒரு சின்னத் துண்டு ஆகிய இடங்களில் மட்டும் புள்ளியை அழித்துவிட வேண்டும். தாடைக்குக் கீழே விழும் நிழலுக்கு மேலே இன்னொரு டோனை ஒட்ட வேண்டாம். அசல் சாம்பல் லேயரில் அந்த இடத்தை மட்டும் முப்பதாக்கிவிட்டு ஃபில்டரைத் திரும்பப் போட்டால் போதும். டோன் மேல் டோன் வைக்கும்போது லைன் எண்ணோ கோணமோ கொஞ்சம் மாறினாலும் அலை அலையாக ஒரு வடிவம் கிளம்பும். அதுதான் எல்லோரும் பயப்படும் 'முவாரே'.

அலை வந்தால் எப்படிக் கண்டுபிடிப்பது?

வேலை செய்யும்போதே திரையில் அலை தெரியும். உடனே எல்லாவற்றையும் அழித்துவிட வேண்டாம். ஜூமை 100 சதவீதத்தில் வைத்துப் பாருங்கள். ஜூம் மாற மாற அலையும் மாறி, நூறில் காணாமல் போனால் அது திரை காட்டும் மாயை, ஃபைல் நன்றாகத்தான் இருக்கிறது. நூறிலும் அதே இடத்தில் நின்றால் அது ஃபைலிலேயே இருக்கிறது. புள்ளி போட்ட பிறகு எங்கேயோ அளவை மாற்றியிருக்கிறோம், அல்லது இரண்டு டோன் ஒன்றின் மேல் ஒன்று இருக்கிறது.

கடைசி வேலை, மிச்சமிருக்கும் சாம்பலைத் துரத்துவது. எல்லா லேயரையும் ஒன்றாக்கி, `Threshold` ஒருமுறை நடுவில் வைத்து, `Image > Mode > Indexed` போய் `Use black and white (1-bit) palette` தேர்வு செய்ய வேண்டும். டிதரிங் வேண்டாம். இப்போது ஃபைலில் இரண்டே நிறம்தான். சேமிப்பது PNG-யில். JPEG ஆக்கினால் ஒவ்வொரு புள்ளியைச் சுற்றியும் சாம்பல் தூசி வந்து உட்கார்ந்துகொள்ளும், பட்ட பாடெல்லாம் வீண்.

பிரின்டுக்கு ஒன்று, போனுக்கு ஒன்று

இந்த ஃபைலைப் போன் திரையில் பார்க்க அப்படியே சுருக்கினால் காரியம் கெடும். 3496 பிக்சலை 1080 ஆக்கும்போது பத்து பிக்சல் புள்ளி மூன்று பிக்சலாகிவிடுகிறது. அலைக்கு அதுவே அழைப்பு. ஸ்டேட்டஸ், இன்ஸ்டா எல்லாவற்றுக்கும் தனிப் பிரதி வேண்டும். மறைத்து வைத்த சாம்பல் அசல் இருக்கும் ஃபைலை முதலில் 1080 அகலத்துக்குச் சுருக்கி, அதன் பிறகு `Newsprint`-ஐ `Period` 6 வைத்துப் போட வேண்டும். அங்குலத்துக்கு 400 பிக்சல் அளவில் இருக்கும் போன் திரையில் அது 67 லைன் போலத் தெரியும். கிட்டத்தட்ட அச்சில் இருக்கும் அதே பொடிப் புள்ளி. நண்பருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புவதென்றால் போட்டோவாக அனுப்பாமல் டாக்குமெண்டாக அனுப்புவது நல்லது. போட்டோவாகப் போனால் அது சுருக்கப்பட்டு, JPEG ஆகத்தான் போய்ச் சேரும்.

பிரின்ட் எடுக்கக் கடைக்குப் போகும்போது கேட்க வேண்டியது ஒன்றே ஒன்று. பிரின்ட் பெட்டியில் `Fit to page` என்று இருக்கும், பெரும்பாலும் அதுதான் டிக் ஆகியிருக்கும். பக்கத்தை ஓரத்துக்குள் அடக்க அது படத்தை நாலைந்து சதவீதம் சுருக்கிவிடும். கண்ணுக்குத் தெரியாத சுருக்கம்தான், ஆனால் புள்ளிக்கு அது போதும். `Actual size` அல்லது 100 சதவீதம் என்று மாற்றச் சொல்லி, லேசர் பிரின்டரில் முதலில் ஒரே ஒரு தாள் எடுத்துப் பாருங்கள். சுடிதாரில் புள்ளிகள் தனித்தனியாக எண்ணும்படி இருந்தால் மிச்சப் பிரதிகளைப் போடச் சொல்லலாம். அதையும் ஃபைலில் இருந்தே போடச் சொல்லுங்கள், முதல் தாளை வைத்து ஜெராக்ஸ் எடுக்க வேண்டாம்.